கோழி திரும்பிப் போகாது... கூண்டு திரும்பிப் போகும்! - பறவைக் காய்ச்சல் பண்ணைக்குப் பண்ணை பரவும் வழி

விடியற்காலை 4 மணி. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் தண்ணீர் லாரிகளும் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளும் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் நேரம். அந்த நேரத்தில்தான் கறிக்கோழி வண்டிகளும் வந்து சேரும். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடை கடையாக நின்று, எடை போட்டு, உயிர்க்கோழிகளை இறக்கிவிட்டுப் போகும். ஞாயிற்றுக்கிழமை என்றால் இரண்டு மடங்கு.

இறக்கி முடித்ததும் நடக்கும் ஒரு வேலையை யாரும் கவனிப்பதில்லை. காலியான பிளாஸ்டிக் கூண்டுகள் திரும்பவும் வண்டியில் ஏறும். அதன் கம்பிகளில் இறகு ஒட்டியிருக்கும். தரையில் எச்சம் காய்ந்தும் காயாமலும் அப்பியிருக்கும். அந்தக் கூண்டுகள் அன்று இரவே இன்னொரு பண்ணையின் வாசலில் நிற்கும்.

கடைக்கு வந்த கோழி பண்ணைக்குத் திரும்பிப் போகாது. ஆனால், கூண்டு திரும்பிப் போகும். பறவைக் காய்ச்சல் ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு பண்ணைக்கு எப்படிப் போகிறது என்ற கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி இந்த ஒரு வரியில் இருக்கிறது.

பக்கத்து மாவட்டம் வரை வந்த நோய்

வடசென்னைக்காரர்களுக்கு நெல்லூர் தூரத்து ஊர் கிடையாது. செங்குன்றம், கும்மிடிப்பூண்டி வழியாக அதே கொல்கத்தா நெடுஞ்சாலையில் சுமார் 175 கிலோமீட்டர் போனால் நெல்லூர். 2024 பிப்ரவரியில் அந்த மாவட்டத்தில் பொதலகூர் மண்டலத்தின் சாட்டகுட்லா, கோவூர் மண்டலத்தின் கும்மல்லதிப்பா ஆகிய ஊர்களில் கோழிகள் கூட்டமாகச் செத்து விழுந்தன. மாதிரிகள் போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு கால்நடை நோய்கள் ஆய்வு நிறுவனத்துக்குப் போயின. இந்தியாவில் பறவைக் காய்ச்சலை உறுதி செய்வது அந்த ஆய்வகம்தான். பறவைக் காய்ச்சல் என்று முடிவு வந்தது.

மாவட்ட நிர்வாகம் உடனே போட்ட உத்தரவைப் பார்த்தால் நோயின் குணம் புரியும். பாதிக்கப்பட்ட இடத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள கோழிக்கடைகளை 3 நாள்கள் மூடச் சொன்னார்கள். 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் கடைகளுக்கு 3 மாதம் தடை. 10 கிலோமீட்டர் வட்டத்துக்குள்ளே கோழி வரவும் கூடாது, அங்கிருந்து வெளியே போகவும் கூடாது என்று 15 நாள்களுக்கு உத்தரவு. இந்தப் பக்கம் தமிழக எல்லையில், ஆந்திராவிலிருந்து வரும் கோழி வண்டிகள் மீது கண்காணிப்பு கூடியது.

காற்றில் பறந்து வரும் நோயாக மட்டும் இருந்தால் சாலையில் வண்டிகளை நிறுத்துவதில் அர்த்தமே இருக்காது. வண்டியை நிறுத்துகிறார்கள் என்றால், நோய் வண்டியில் ஏறி வருகிறது என்று அர்த்தம்.

முதல் கதவு வேறு, இரண்டாவது கதவு வேறு

பறவைக் காய்ச்சல் ஒரு பண்ணைக்குள் நுழைய இரண்டு கதவுகள் இருக்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல பண்ணையாளர்கள் தவறான கதவுக்குப் பூட்டு போடுகிறார்கள்.

முதல் கதவு, காட்டுப் பறவைகள். இந்தக் கிருமியின் இயற்கையான வீடு வாத்து, தாரா போன்ற நீர்ப்பறவைகளின் குடல். அவற்றில் பல, நோய் வெளியே தெரியாமலேயே கிருமியை எச்சத்தில் கழித்துக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் அவை வலசை வரும். எண்ணூர் கழிமுகத்துக்கு வடக்கே இருக்கும் பழவேற்காடு ஏரி, அப்படி வரும் பறவைகளின் முக்கியமான தங்குமிடம். தமிழ்நாடு, ஆந்திரா இரண்டுக்கும் பொதுவான ஏரி அது. வயலிலும் குளத்திலும் மேயும் வளர்ப்பு வாத்துகள் அவற்றோடு ஒரே தண்ணீரில் இறங்குகின்றன. கேரளாவின் ஆலப்புழா பகுதியில் 2021-லும் 2024-லும் நோய் முதலில் வாத்துக் கூட்டங்களில் வெடித்ததற்கு அங்குள்ள நெல்வயல்களும் தண்ணீரும் ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாவது கதவு, மனிதர்களும் அவர்கள் கொண்டுபோகும் பொருள்களும். ஒரு பண்ணைக்குள் நோய் வந்த பிறகு அது பக்கத்துப் பண்ணைக்குப் போக காட்டுப் பறவை தேவையில்லை. செருப்பு போதும்.

அமெரிக்காவில் 2015-ல் சுமார் 5 கோடி கோழிகளும் வான்கோழிகளும் அழிந்தன. அந்த நாட்டு வேளாண்மைத் துறை பண்ணை பண்ணையாகப் போய் ஆராய்ந்தது. ஆரம்பத்தில் காட்டுப் பறவைகளிலிருந்து வந்த கிருமி, பிறகு பண்ணைகளுக்கு இடையே மாறி மாறிப் பரவியிருந்தது. பல பண்ணைகளுக்குப் பொதுவான கருவிகள், ஒரே நாளில் பல இடங்களுக்குப் போன வண்டிகள், வேலையாட்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. அதன் பிறகு அங்கே பண்ணைச் சுத்தத்தை இறுக்கினார்கள். 2022-ல் நோய் திரும்ப வந்தபோது, பண்ணைக்குப் பண்ணை பரவிய அளவு வெகுவாகக் குறைந்திருந்தது. பெரும்பாலான பண்ணைகளுக்கு அது தனித்தனியாகக் காட்டுப் பறவைகளிலிருந்தே வந்திருந்தது.

இதில் ஒரு நல்ல செய்தியும், ஒரு கசப்பான செய்தியும் இருக்கின்றன. இரண்டாவது கதவை நம்மால் மூட முடியும். ஆனால், அதை மட்டும் மூடிவிட்டால் நோய் வராது என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது.

ஒரு கூண்டின் ஒரு வாரப் பயணம்

இரண்டாவது கதவு எப்படித் திறக்கிறது என்பதை ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். 5,000 கறிக்கோழிகள் இருக்கும் ஒரு கொட்டகை என்று வைத்துக்கொள்வோம். அதை 'முதல் பண்ணை' என்போம்.

ஞாயிற்றுக்கிழமை இரவு அங்கே கோழி பிடிக்க வண்டி வருகிறது. கொட்டகையில் சில கோழிகளுக்குக் கிருமி ஏற்கெனவே தொற்றிவிட்டது. ஆனால், வெளியே எதுவும் தெரியவில்லை. இந்த நோய் ஒரு கோழிக்குள் நுழைந்து அறிகுறி காட்ட சில மணி நேரத்திலிருந்து சில நாள்கள் வரை ஆகலாம். ஒரு மந்தை முழுவதையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், 14 நாள்கள் வரை சந்தேகத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது உலக அளவில் பின்பற்றப்படும் விதி. ஆக, பிடிக்கிற ஆள்கள் நல்ல கோழி என்று நம்பித்தான் கூண்டில் அடைக்கிறார்கள்.

திங்கள் விடியற்காலை அந்தக் கோழிகள் நகரத்துக் கடைகளில் இறங்குகின்றன. பயணம் முழுக்க மேல் கூண்டின் எச்சம் கீழ்க் கூண்டின் மீது விழுந்திருக்கிறது. கடையில் கூண்டுகளுக்கு மேலோட்டமாகத் தண்ணீர் அடிக்கிறார்கள், அல்லது அதுவும் இல்லை.

திங்கள் இரவு அதே கூண்டுகள் 'இரண்டாம் பண்ணை'க்குப் போகின்றன. இங்கேதான் ஆபத்தான ஒரு பழக்கம் வருகிறது. ஒரு கொட்டகையின் கோழிகளை எல்லாம் ஒரே நாளில் பிடித்துக் காலி செய்வதில்லை. எடை வந்த கோழிகளை முதலில் பிடித்துவிட்டு, மற்றவற்றை இன்னும் சில நாள்கள் வளர விடுகிறார்கள். ஆக, அழுக்குக் கூண்டு கொட்டகைக்குள் போகிறது, கூளத்தின் மேல் வைக்கப்படுகிறது, அதிலிருந்து உதிர்ந்த எச்சம் அங்கேயே தங்குகிறது. மிச்சமுள்ள கோழிகள் அந்தக் கூளத்தைக் கிளறித் தின்கின்றன. எச்சத்தில் இருக்கும் கிருமி லேசில் சாவதில்லை. 4 டிகிரி குளிரில் குறைந்தது 35 நாள்களும், 37 டிகிரி வெப்பத்தில்கூட 6 நாள்கள் வரையும் அது உயிர்ப்போடு இருந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. ஓர் இரவுப் பயணம் அதற்கு ஒன்றுமே இல்லை.

வியாழக்கிழமை இரண்டாம் பண்ணையில் 10 கோழிகள் சாகின்றன. 'வெயில்' என்று நினைக்கிறார்கள். வெள்ளிக்கிழமை 40. 'குளிர்ந்த தண்ணீர் வையுங்கள், மருந்து கலந்து கொடுங்கள்' என்று யோசனை வருகிறது. இதற்கிடையே மிச்சக் கோழிகளை விற்றுக் காசாக்கிவிடலாம் என்று அன்றே இன்னொரு வண்டியை வரவழைக்கிறார்கள். சனிக்கிழமை நூற்றுக்கணக்கில் சாகின்றன. அப்போது அந்த இரண்டாவது வண்டியின் கூண்டுகள் மூன்றாம் பண்ணையில் இருக்கின்றன.

இந்தச் சங்கிலியில் யாரும் வேண்டுமென்றே தப்பு செய்யவில்லை. ஆனால், மூன்று இடங்களில் அதை அறுத்திருக்கலாம். திங்கள்கிழமை கூண்டைக் கழுவியிருந்தால், கோழி பிடிப்பதை ஒரே முறையில் முடித்திருந்தால், வியாழக்கிழமையே தகவல் கொடுத்திருந்தால்.

கூண்டைக் கழுவுவது எப்படி?

கூண்டைக் கழுவுவதில் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, வரிசையை மாற்றுவது. எச்சம் அப்பிய கூண்டின் மேல் நேராகக் கிருமிநாசினியைத் தெளித்துவிட்டு 'மருந்து அடித்தாச்சு' என்று விட்டுவிடுகிறார்கள். பிளீச்சிங் பவுடர் கரைசல் அழுக்கைக் கண்டால் தன் சக்தியை அந்த அழுக்கின் மீதே செலவழித்துவிடும். எச்சத்துக்கு உள்ளே இருக்கும் கிருமிக்கு ஒன்றும் ஆகாது.

சரியான வரிசை இது. முதலில் காய்ந்த எச்சத்தையும் இறகையும் சுரண்டி எடுக்க வேண்டும். அடுத்து சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். இந்தக் கிருமியைச் சுற்றி ஒரு கொழுப்புப் படலம் இருக்கிறது. சோப்பு அதைக் கரைத்துவிடும் என்பதால் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, நீரை வடிய விட வேண்டும். அதற்குப் பிறகுதான் கிருமிநாசினி. பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவில் கரைத்து, கூண்டு குறைந்தது 10 நிமிடமாவது ஈரமாகவே இருக்கும்படி விட வேண்டும். தெளித்த உடனே காய்ந்துபோனால் பலன் இல்லை. கடைசியாக வெயில். நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த பயணம்.

வண்டிக்கும் இதே வரிசைதான். டயரை மட்டும் நனைத்தால் போதாது. சக்கரத்துக்கு மேலே உள்ள மடிப்பு, கூண்டு வைக்கும் தளம், டிரைவர் கால் வைக்கும் மிதியடி ஆகியவைதான் மறக்கப்படும் இடங்கள். டிரைவர் கடையில் இறங்கி எச்சத்தை மிதித்துவிட்டு அதே காலோடு கேபினில் ஏறினால், வண்டியின் வெளிப்புறத்தைக் கழுவியும் வீண்.

நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. இரவு பிடித்து, விடியலில் இறக்கி, மறு இரவு மீண்டும் பிடிக்க வேண்டிய ஒரே ஒரு செட் கூண்டை வைத்துக்கொண்டு, கழுவிக் காயவைக்க நேரம் கிடைக்காது. அதனால்தான் இரண்டு செட் கூண்டு தேவைப்படுகிறது. ஒன்று பயணத்தில், ஒன்று வெயிலில். அதற்கு ஆகும் செலவு, 5,000 கோழிகளை இழப்பதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

கொட்டகை வாசலில் ஒரு கோடு

கூண்டுக்கு அடுத்தபடி அதிகம் பயணம் செய்வது மனிதக் கால். தீவன வண்டி ஓட்டுநர், கம்பெனி சூப்பர்வைசர், தடுப்பூசி போடுபவர், கோழி பிடிக்கிற குழு என ஒரே நாளில் நாலைந்து பண்ணைகளுக்குப் போகிறவர்கள் பலர்.

இதற்குப் பல பண்ணைகளில் இருக்கும் ஏற்பாடு, வாசலில் ஒரு தொட்டி. அதில் கிருமிநாசினி. காலை நனைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். ஆனால், காலையில் நிரப்பிய அந்தத் தொட்டியை மதியம் போய்ப் பாருங்கள். மண்ணும் எச்சமும் கலந்து பழுப்புத் தண்ணீராக இருக்கும். மழை பெய்திருந்தால் நீர்த்துப்போயிருக்கும். சேறு அப்பிய ஷூவை அதில் ஒரு நொடி நனைப்பது, மனதுக்கு ஆறுதல் தருமே தவிர, கிருமியைக் கொல்லாது.

அதைவிட எளிதான, உறுதியான வழி ஒன்று இருக்கிறது. கொட்டகை வாசலுக்கு உள்பக்கம், முழங்கால் உயரத்தில் ஒரு தடுப்பு அல்லது பெஞ்ச். அதற்கு வெளியே இருப்பது 'அழுக்குப் பக்கம்', உள்ளே இருப்பது 'சுத்தப் பக்கம்'. வெளியிலிருந்து வருபவர் பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பை அழுக்குப் பக்கத்திலேயே கழற்றிவிட்டு, காலைத் தூக்கி உள்ளே திருப்பி, அந்தக் கொட்டகைக்கென்றே இருக்கும் காலணியை மாட்டிக்கொள்ள வேண்டும். சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். அந்தக் கொட்டகைக்கான மேலங்கி அங்கேயே தொங்க வேண்டும். டென்மார்க்கில் பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய முறை இது. இன்று கோழிப் பண்ணைகளிலும் பரவியிருக்கிறது. ரப்பர் செருப்பு, ஒரு மரப்பலகை, ஒரு பக்கெட் தண்ணீர் இருந்தால் எந்தச் சிறிய பண்ணையிலும் இதைச் செய்துவிடலாம்.

ஆனால், ஏற்பாடு இருப்பது வேறு, கடைப்பிடிப்பது வேறு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 8 கோழிப் பண்ணைகளின் வாசலில் மறைவாக கேமரா வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 102 பேர், 883 முறை உள்ளே போய் வந்தது பதிவானது. ஒருவர் ஒரு முறை போய் வரும்போது சராசரியாக 4 தவறுகள் செய்தார். ஒரே வருகையில் 14 தவறு செய்தவரும் உண்டு. மொத்தம் 44 வகைத் தவறுகளில் 27 வகை, அழுக்குப் பக்கம் - சுத்தப் பக்கம் என்ற அந்தக் கோட்டை மதிக்காததால் வந்தவை. 'ஒரு நிமிஷ வேலைதானே' என்று வெளிச்செருப்போடு உள்ளே கால் வைப்பதுதான் உலகம் முழுக்க நடக்கிறது.

அதனால் கோடு கண்ணுக்குத் தெரிய வேண்டும். சிவப்புப் பெயின்ட் அடித்த ஒரு பட்டை, அறிவிப்புப் பலகையைவிட அதிகம் பேசும். இன்னும் முக்கியம், பண்ணை முதலாளியே அதைத் தாண்டக் கூடாது.

தண்ணீர், தீவனம், செத்த கோழி

முதல் கதவான காட்டுப் பறவைகளை முழுக்கத் தடுக்க முடியாவிட்டாலும், அவற்றைக் கூப்பிடாமல் இருக்கலாம். குளத்துத் தண்ணீரையோ ஓடைத் தண்ணீரையோ நேராகக் கோழிக்கு வைக்கக் கூடாது. மூடிய தொட்டி, குளோரின் கலந்த தண்ணீர்தான் பாதுகாப்பு. கொட்டகையின் வெளியே சிந்திய தீவனம், காகத்துக்கும் குருவிக்கும் விருந்தழைப்பு. அதை அன்றன்றே பெருக்க வேண்டும். பக்கவாட்டு வலையில் ஓட்டை விழுந்தால் அன்றே தைக்க வேண்டும். ஒரே வளாகத்தில் வாத்தும் கோழியும் சேர்த்து வளர்ப்பது, முதல் கதவை நாமே திறந்துவைப்பது போல.

செத்த கோழியை வேலிக்கு அப்பால் வீசும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. நாயும் காகமும் அதை ஊர் முழுக்க எடுத்துப் போகும். குழி வெட்டி, மேலே சுண்ணாம்பு தூவி, நாய் தோண்டாத ஆழத்தில் புதைக்க வேண்டும். கோழி எருவும் அப்படியே. கூளத்தை அள்ளிய உடனே மூட்டை கட்டி வயலுக்கு அனுப்பினால், எச்சத்தோடு கிருமியும் போகும். குவித்து, மூடி, சூடேறி மக்கவிட்ட பிறகு அனுப்ப வேண்டும்.

கடையிலும் ஒரு கோடு போடலாம்

பண்ணையில் எல்லாம் சரியாக இருந்தும், கடை சரியில்லை என்றால் நோய் திரும்பிவிடும். உயிர்க்கோழிக் கடை என்பது பல பண்ணைகளின் கோழிகள் சந்திக்கும் இடம். இன்று விற்காத கோழியோடு நாளை வரும் புதுக் கோழி சேரும். பழைய கோழியிலிருந்து புதுக் கோழிக்கு, அதிலிருந்து மறுநாள் வரும் கோழிக்கு என்று கிருமிக்கு ஓயாமல் புது வீடு கிடைத்துக்கொண்டே இருக்கும்.

இதை ஹாங்காங் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டது. 1997-ல் அங்கே 18 பேருக்கு எச்5என்1 தொற்றி 6 பேர் இறந்தார்கள். நகரத்தின் கோழிகள் அனைத்தையும் கொன்றார்கள். பிறகு 2001-ல் மாதம் ஒருநாள் 'ஓய்வு நாள்' கொண்டுவந்தார்கள். அன்று கடையில் ஒரு கோழியும் இருக்கக் கூடாது. முழுக்கக் கழுவிக் காயவிட வேண்டும். 2008-லிருந்து, விற்காத கோழியைக் கடையில் இரவு வைத்திருக்கவே கூடாது என்று விதி போட்டார்கள். சந்தையில் கிருமியின் நடமாட்டம் குறைந்ததற்கு இவை முக்கியக் காரணம்.

வடசென்னைக் கடைக்காரர் ஒருவர் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வாரத்தில் வியாபாரம் குறைவான ஒரு நாளில் கூண்டைக் காலி செய்து கழுவலாம். புதுக் கோழியைப் பழைய கோழியோடு கலக்காமல் தனிக் கூண்டில் விடலாம். காலிக் கூண்டை எச்சத்தோடு வண்டியில் ஏற்றாமல் இருக்கலாம்.

மீனவக் குப்பங்களில் வீட்டுக் கோழி வளர்ப்பவர்களுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. கடையிலிருந்து உயிரோடு வாங்கிய கோழியை வீட்டுக் கோழிகளோடு உடனே விடக் கூடாது. இரண்டு வாரம் தனியாகக் கட்டிவைத்துப் பார்க்க வேண்டும். கோழிக்கடைக் கழிவையும் குடலையும் வீட்டுக் கோழிக்குப் போடக் கூடாது. மாடியில் பந்தயப் புறா வளர்ப்பவர்களும் கவனிக்க வேண்டும். புறாவுக்கு இந்த நோய் அவ்வளவு எளிதில் வருவதில்லை. ஆனால், புறாக் கூண்டையும் கோழிக் கூண்டையும் ஒரே செருப்போடு சுற்றி வரும் மனிதருக்கு அந்தச் சலுகை கிடையாது.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

பறவைக் காய்ச்சலில் பெரிய குழப்பம், அது வெள்ளைக்கழிச்சல் போலவே இருப்பது. இரண்டிலும் கோழி சோர்ந்து உட்காரும், மூச்சு வாங்கும், கழியும், கொத்துக் கொத்தாகச் சாகும். 2006-ல் இந்தியாவில் முதன்முதலாக மகாராஷ்டிராவின் நவாப்பூரில் இந்த நோய் வந்தபோதும், ஆரம்பத்தில் வெள்ளைக்கழிச்சல் என்றே பண்ணையாளர்கள் நினைத்தார்கள். கொண்டையும் தாடியும் நீலம் பூத்து வீங்குவது, காலில் ரத்தத் திட்டுகள், முட்டையிடுவது திடீரென்று நிற்பது ஆகியவை பறவைக் காய்ச்சலைச் சுட்டும். ஆனால், சில கோழிகள் எந்த அறிகுறியும் காட்டாமலே செத்துவிடும். ஆக, கண்ணால் பார்த்து முடிவு சொல்ல யாராலும் முடியாது. ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

பண்ணையாளரிடம் இருக்கும் நம்பகமான கருவி, ஒரு நோட்டு. தினமும் எத்தனை செத்தது, எவ்வளவு தீவனம் தின்றது, எவ்வளவு தண்ணீர் குடித்தது. 5,000 கோழிக் கொட்டகையில் தினம் ஐந்தாறு சாவது வழக்கம். நெதர்லாந்தில், தொடர்ந்து இரண்டு நாள்கள் தினம் 0.5 சதவிகிதத்துக்கு மேல் செத்தால் தகவல் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நம் 5,000 கோழிகளுக்கு அது 25. நோட்டு இல்லாதவருக்கு 25 என்பது 'வெயில்'. நோட்டு வைத்திருப்பவருக்கு அது எச்சரிக்கை மணி.

அந்த மணி அடித்தால் மூன்றே வேலைகள். ஒரு கோழிகூட, ஒரு கூண்டுகூட, ஒரு மூட்டை எருகூட வெளியே போகக் கூடாது. செத்ததை யாரும் வீட்டில் அறுத்துப் பார்க்கக் கூடாது. பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு அன்றே சொல்ல வேண்டும்.

சொன்னால் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்களே என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. இந்தியாவின் செயல்திட்டப்படி நோய் உறுதியானால், 1 கிலோமீட்டர் சுற்றளவு பாதிப்பு மண்டலம். அங்குள்ள கோழிகளைக் கொன்று புதைப்பார்கள். 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு. ஆனால், மத்திய, மாநில அரசுகள் பாதிப் பாதியாகத் தரும் இழப்பீடு, அப்படி அரசு கொல்லும் கோழிகளுக்கானது; தாமாகச் செத்து விழுந்தவற்றுக்கு அல்ல. மூன்று நாள் மறைத்தால், கணக்கில் வரும் கோழிகளின் எண்ணிக்கைதான் குறைந்துகொண்டே போகும். அதற்குள் பக்கத்துப் பண்ணைக்கும் போய்விடும்.

கறி சாப்பிடலாமா?

நோய்ச் செய்தி வந்த உடனே குடும்பங்களில் எழும் முதல் கேள்வி இது. கறியின் எல்லாப் பகுதியும் 70 டிகிரி சூட்டைத் தாண்டினால் கிருமி செத்துவிடும். கொதிக்கும் குழம்பில் அது எளிதாக நடந்துவிடும். உள்ளே இளஞ்சிவப்பு நிறம் மிச்சமில்லாமல் வேக வேண்டும். முட்டையின் மஞ்சள் கருவும் கெட்டியாக வேண்டும். ஆபத்து வெந்த கறியில் இல்லை, பச்சைக் கறியைத் தொட்ட கையிலும் கத்தியிலும் பலகையிலும் இருக்கிறது. 2025 மார்ச்சில் ஆந்திராவில் எச்5என்1 தொற்றி 2 வயதுக் குழந்தை இறந்தது. அந்தக் குழந்தை பச்சைக் கோழிக்கறித் துண்டைத் தின்றதாக விசாரணையில் தெரியவந்தது. பச்சைக் கறி குழந்தைகளின் கைக்கு எட்டக் கூடாது. கறி நறுக்கிய பலகையில் வெங்காயம் நறுக்கக் கூடாது.

மனிதர்களில் அதிக ஆபத்து, சாப்பிடுகிறவர்களைவிட, உயிர்க்கோழியையும் செத்த கோழியையும் நாள் முழுக்கக் கையாளுகிறவர்களுக்குத்தான். கோழி பிடிப்பவர், அறுப்பவர், இறகு எடுப்பவர் ஆகியோர் முகக்கவசமும் கையுறையும் போட வேண்டும். கோழிகள் செத்த இடத்தில் வேலை பார்த்துவிட்டுக் காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்ல வேண்டும்.

காலை 6 மணி. கடைசிக் கடையில் கோழிகளை இறக்கிவிட்டு, வண்டி திருவொற்றியூரிலிருந்து திரும்பத் தயாராகிறது. பின்னால் அடுக்கிய காலிக் கூண்டுகள். அவை அடுத்து எங்கே போகின்றன, போகும் முன் பிரஷ்ஷும் சோப்பும் வெயிலும் கண்டனவா என்பதைப் பொறுத்துத்தான், இன்று இரவு அந்த வண்டி நிற்கப்போகும் கொட்டகையின் அடுத்த வாரம் இருக்கிறது.